வாங்குகிறவரை ஒரு பத்தியில் எழுதுவது: செக்கு எண்ணெய் விற்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் தினமும் போஸ்ட் போடுகிறேன். லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. "உங்க கஸ்டமர் யாருன்னு ஒரு பாரா எழுதி வெச்சுக்கோங்க" என்கிறார்கள். "25 முதல் 50 வயது வரை, ஆரோக்கியத்தில் அக்கறை உள்ள பெண்கள்" என்று எழுதி வைத்தேன். இதை வைத்து எப்படிப் போஸ்ட் போடுவது என்று புரியவில்லை.

பதில்:

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 25 வயதுப் பெண் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், அவர் சமைப்பதே இல்லை. 50 வயதுப் பெண் பேரப்பிள்ளைகள் வந்தால் முறுக்கு சுடுகிறவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போஸ்ட் எழுத உட்கார்ந்தால், இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது "சுத்தம்", "பாரம்பரியம்", "ஆரோக்கியம்" என்ற மூன்று சொற்கள்தான். உங்கள் ஊரில் எண்ணெய் விற்கிற எல்லோரும் அதையேதான் போடுகிறார்கள்.

பெர்சோனா என்று சொல்லப்படும் இந்த முறையை மென்பொருள் வடிவமைப்பில் பரவலாக்கியவர் ஆலன் கூப்பர், 1990களின் கடைசியில். அவர் சொன்ன காரணம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். "பயனர்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் ரப்பர் மாதிரி நீளும், செய்கிறவர் அன்றைக்கு எதைச் செய்ய நினைக்கிறாரோ அதற்கு ஏற்றபடி பயனரும் மாறிக்கொள்வார். "ஆரோக்கியத்தில் அக்கறை உள்ள பெண்கள்" என்பதும் அப்படித்தான். இன்றைக்கு மண்பானைப் படம் போட ஆசையாக இருந்தால் அவர்களுக்கு மண்பானை பிடிக்கும், நாளைக்குச் சத்து அட்டவணை போட ஆசை வந்தால் அதுவும் பிடிக்கும். உங்களை ஒரு இடத்திலும் தடுக்காத பத்தி உங்களுக்கு உதவவும் செய்யாது.

அதனால் பத்தியை உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். அதற்கான சரக்கு ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக வாங்கிய இருபது முப்பது பேருடைய உரையாடலை மேலிருந்து படியுங்கள். இரண்டாவது தடவையும் வாங்கினவர்கள் முக்கியம், அவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும், அவர்கள் எழுதிய சொற்களிலேயே, எழுத்துப் பிழையோடுகூட எழுதி வையுங்கள். முதலில் என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் தயங்கினார்கள் (பதில் சொல்லாமல் இரண்டு நாள் கழித்து வந்தார்கள் என்றால் அதற்கு முந்தைய கேள்வியைப் பாருங்கள்), வாங்கிய பிறகு என்ன சொன்னார்கள். நீங்கள் திருத்தி எழுதினால் அங்கேயே பாதி பயன் போய்விடும். "எண்ணெய் நுரைக்குதுங்க, நல்ல எண்ணெய்தானா" என்று அவர் கேட்டதை "தரம் குறித்த சந்தேகம்" என்று எழுதி வைத்தால், பிறகு அதிலிருந்து ஒரு போஸ்டும் பிறக்காது.

அப்புறம் ஐந்தாறு பேருக்குப் போன் செய்யுங்கள். "ஏன் எங்ககிட்ட வாங்குறீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் "உடம்புக்கு நல்லதுன்னுதாங்க" என்று மரியாதைக்கு ஒரு பதில் சொல்வார்கள், அது உங்களை மறுபடியும் அந்த மூன்று சொற்களிடமே கொண்டுவந்து விடும். நடந்ததைக் கேளுங்கள். "முதல் தடவை ஆர்டர் பண்ணுன அன்னைக்கு வீட்ல எண்ணெய் தீர்ந்துபோச்சா, இல்ல வேற ஏதாவது விசேஷமா?" "அதுக்கு முன்னாடி என்ன எண்ணெய் வாங்கிட்டு இருந்தீங்க?" "வாங்கலாமா வேண்டாமான்னு எதுல யோசிச்சீங்க?" இந்த மூன்றும் போதும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களில் ஒன்றிரண்டு பேரையும் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தடை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்படிச் சேர்த்ததை வைத்து எழுதினால் பத்தி ஏறக்குறைய இப்படி வரும். இது மாதிரிக்குத்தான், உங்கள் நோட்டில் வேறு ஆள் தெரியலாம்:

"திருப்பூரில் வேலைக்குப் போகிற, நாற்பதை நெருங்கும் அம்மா. வீட்டில் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். மாதம் மூன்று லிட்டர் பாக்கெட் எண்ணெய் வாங்குகிறார், சம்பளம் வந்ததும் மளிகை லிஸ்ட் போடும்போது மட்டும்தான் எண்ணெயைப் பற்றி யோசிப்பார். ஒருமுறை வேறு இடத்தில் செக்கு எண்ணெய் என்று வாங்கி, வாசனையே இல்லாமல் இருந்ததால் ஏமாந்த உணர்வு இன்னும் இருக்கிறது. அவர் கேட்பவை மூன்று: நிஜமாகவே செக்கில் ஆட்டியதா, பூரி போட்டால் பொங்கி வழியுமா, பாக்கெட் எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை. தனியாக முடிவெடுக்க மாட்டார், கணவருக்கு அனுப்பி 'வாங்கலாமா' என்று கேட்பார். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டுப் போனைப் பார்ப்பார்."

அவ்வளவுதான். பெயர் வைக்க வேண்டியதில்லை, அவருக்குப் பிடித்த நிறம் எது, எந்த சீரியல் பார்ப்பார் என்பதெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது: அதை நேர் எதிராக மாற்றிப் பாருங்கள், உங்கள் போஸ்டில் ஏதாவது மாறுகிறதா? "சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்" என்பதை "சத்தத்தோடு பார்ப்பார்" என்று மாற்றினால், வீடியோவின் மேல் எழுத்து போட வேண்டுமா வேண்டாமா என்பது மாறுகிறது. அந்த வாக்கியம் இருக்கட்டும். "குடும்பத்தை நேசிப்பவர்" என்று எழுதியிருந்தால், அதை எதிராக மாற்றுவதில் அர்த்தமே இல்லை, அடித்துவிடுங்கள். "பட்டப்படிப்பு முடித்தவர்" என்பதும் எண்ணெய் விஷயத்தில் எதையும் மாற்றாது.

இனி தொனிக்கு வருவோம். செக்கு எண்ணெய்ப் போஸ்டுகளில் அடிக்கடி பார்க்கிற ஒரு தொனி, பயமுறுத்துவது. "உங்கள் பிள்ளைக்கு விஷத்தைக் கொடுக்கிறீர்கள்" என்கிற ரகம். பத்தியில் இருக்கும் அம்மா நேற்று ராத்திரி பாக்கெட் எண்ணெயில்தான் தோசை சுட்டுக் கொடுத்திருக்கிறார். அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு அவரிடமே விற்க முடியாது, அவர் அடுத்த போஸ்டுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இரண்டாவது தொனி, "நம் பாட்டி காலத்துக்குத் திரும்புவோம்". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் மாமியார் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல" என்று தினமும் காதில் விழுகிற ஒருவருக்கு, கடையும் சேர்ந்து அதையே சொன்னால் உற்சாகம் வராது. இதே போஸ்ட் மாமியாருக்குப் பிடிக்கும், லைக்கும் போடுவார், ஆனால் லிஸ்ட் போடுகிறவர் அவர் இல்லை.

இந்த அம்மாவுக்கு ஏற்ற தொனி என்பது, ஒருமுறை ஏமாந்தவரிடம் பேசுகிற தொனி. சத்தம் குறைவு, ஆச்சரியக்குறி இல்லை, கேட்டதற்கு நேர் பதில், குறையையும் மறைக்காமல் சொல்வது. "எங்க எண்ணெயில அடியில கொஞ்சம் கசடு தங்கும், வெயில்ல தெளிய வெச்சு வடிகட்டினாலும் லேசா இருக்கும்" என்று நீங்களே முதலில் சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை அவர் நம்ப ஆரம்பிப்பார். கூப்பிடுவதற்கு "நீங்க" போதும். "ஹாய் மக்களே", "சிஸ்டர்ஸ்", "தாய்மார்களே" மூன்றும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது. அவர் தனியாக, இருட்டு அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் வரியைப் பேச்சுத் தமிழில் வையுங்கள், அவர் கேட்ட கேள்வி அப்படித்தான் இருந்தது. விலை, அளவு, அனுப்பும் நாள் இதையெல்லாம் தெளிவான எழுத்துத் தமிழில் போடுங்கள், அங்கே பேச்சுநடை வந்தால் கணக்கு குழம்பும்.

சொற்களைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது: "100% சுத்தமானது" என்பதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வாசனை இல்லாத எண்ணெயை இவருக்கு விற்றவரும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தார். ஏமாற்றியவர் பயன்படுத்திய அதே சொல்லை நீங்கள் பயன்படுத்தும்போது, உங்கள் எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சொல் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதற்குப் பதிலாக, பொய் சொல்கிறவர் சொல்லத் தயங்குகிற விவரத்தைச் சொல்லுங்கள். "செவ்வாய்க்கிழமை ஆட்டியது" என்று நாள் போடுங்கள். "பாட்டிலைத் திறந்ததும் வறுத்த கடலை வாசனை இல்லை, பச்சைக் கடலை வாசனைதான் வரும்" என்று சொல்லுங்கள், அவர் வீட்டில் திறந்து சரிபார்க்க முடிகிற விஷயம் அது. பருப்பை வறுக்காமல் ஆட்டுகிறீர்கள் என்றால்தான் இந்த வரி, இல்லையென்றால் உங்கள் எண்ணெய்க்கு எது உண்மையோ அது.

உங்கள் நோட்டில் வாடிக்கையாளர்கள் "செக்கெண்ணெய்" என்று எழுதியிருந்தால் நீங்களும் செக்கெண்ணெய் என்றே எழுதுங்கள். "கோல்ட் பிரஸ்ட்" என்று ஒருவர்கூடக் கேட்காதபோது அது வேண்டாம். அதேபோல் அவர்கள் "நுரை", "பொங்குது", "கசடு", "சிக்கு வாடை" என்று எழுதினால் அந்தச் சொற்கள்தான் உங்கள் முதல் வரிகள்.

சொற்கள் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்லக் கூடாது. "சுகர் குறையும்", "மாரடைப்பு வராது" போன்ற வரிகள் அதனால் கூடாது. இயற்கை, சுத்தம், பாரம்பரியம் போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. நல்ல வேளையாக, பத்தியில் இருக்கும் அம்மா நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் கேட்டது செக்கு, நுரை, விலை. அவர் கேட்காத கேள்விக்குச் சட்டத்தை மீறி நீங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

படத்துக்கு வருவோம், உங்கள் பக்கத்தில் அதிகம் மாற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். சாக்குத் துணி, அதன் மேல் சிதறிய கடலை, பொன்னிறமாக ஊற்றும் எண்ணெய் என்ற படம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். ஏமாந்தவருக்கு அது எதையும் நிரூபிப்பதில்லை. பத்தியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு படமும் அதில் ஒன்றுக்குக் கண்ணால் பார்க்கும் பதிலாக இருக்கட்டும்.

விலைச் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு போகிறது, ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். இதை வரியாக எழுதினால் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். தராசில் இரண்டரை கிலோ பருப்பை வைத்து, எண் தெரியும்படி, பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். மளிகைக் கடையில் நிலக்கடலைப் பருப்பு கிலோ என்ன விலை என்று அவருக்கே தெரியும், அவரே மனதில் பெருக்கிக்கொள்வார். நீங்கள் ஒரு வரிகூட நியாயம் சொல்ல வேண்டாம். புண்ணாக்கு விற்ற காசு உங்களுக்கு வருகிறது என்பதையும் யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அது கழிந்துதான் இந்த விலை என்று.

செக்கில் ஆட்டியதா என்ற சந்தேகத்துக்கு, செக்கு ஓடுகிற படம் மட்டும் போதாது, அதை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுத்துப் போடலாம். அன்றைய தேதியைக் கையால் எழுதிய அட்டை ஓரத்தில் தெரிய, உங்கள் செக்கு, அதில் இறங்கும் எண்ணெய், பிறகு அதே தேதி ஒட்டிய பாட்டில், மூன்றும் ஒரே போஸ்டில் அடுத்தடுத்து வரட்டும். செக்கில் வேலை செய்கிறவர் படத்தில் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சமையல் படம் எடுக்கும்போது அடுப்பங்கரை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பத்திதான் சொல்லும். திருப்பூரில் வேலைக்குப் போகிற அம்மாவின் வீட்டில் இரண்டு அடுப்புள்ள கேஸ் ஸ்டவ், இரும்பு வாணலி, எவர்சில்வர் தட்டு. விறகடுப்பும் மண்சட்டியும் அவர் வீட்டில் இல்லை, பத்திரிகையில் வருகிற பளிங்கு மேடைச் சமையலறையும் இல்லை. அவர் வீட்டு வாணலி மாதிரி ஒரு வாணலியில் உங்கள் எண்ணெய் கொதித்தால், தன் வீட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபில்டர் போடாதீர்கள். எண்ணெயின் நிறம்தான் இங்கே சாட்சி, அதை மாற்றினால் போட்டோ எடுத்ததற்கே பயன் இல்லை.

இப்போது ஒரு போஸ்டை முழுதாகப் பார்ப்போம். உங்கள் மாதிரிக் கடைகள் போடுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "100% சுத்தமான மரச்செக்கு கடலை எண்ணெய்! பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்! ஆரோக்கியமே செல்வம்! விலைக்கு டிஎம் செய்யவும்." பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுரை என்ற ஒரே சந்தேகத்துக்கு எழுதினால்:

"செக்கெண்ணெயில பூரி போட்டா நுரைக்குதே, கலப்படமா?

நுரைக்கிறதை மட்டும் வெச்சு கலப்படம்னு சொல்ல முடியாதுங்க. கடலையில இயற்கையாவே கொஞ்சம் பசைத்தன்மை இருக்கு. ரீஃபைன் பண்ணும்போது அதை எடுத்துடுவாங்க. செக்கெண்ணெயில அது அப்படியே இருக்கறதால, ஈரமான பொருளைப் போட்டதும் நுரை வரும்.

வாணலியில பாதிக்கு மேல எண்ணெய் ஊத்தாதீங்க. தீயை நடுத்தரமா வெச்சு, சின்னதா ஒரு மாவு உருண்டையை முதல்ல போட்டுப் பாருங்க. நுரை அடங்கின பிறகு பூரி போடலாம். வீடியோல நாங்க போட்டதும் இப்படித்தான்.

கடலை எண்ணெய் 1 லிட்டர் 320 ரூபாய். செவ்வாய் ஆட்டியது. திருப்பூருக்கு வியாழன் வந்து சேரும்."

விலை மாதிரிக்கு எழுதியது, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோ முப்பது வினாடிக்குள் இருக்கட்டும், இரும்பு வாணலி, நுரை வருவது, அடங்குவது, பூரி உப்புவது. சத்தம் இல்லாமல் பார்க்கிறவர் என்பதால் "இப்போ நுரை வரும்", "அடங்கிடுச்சு", "இப்போ பூரி" என்று மூன்று இடத்தில் பெரிய எழுத்து. நுரை வருவதை வெட்டிவிடாதீர்கள், அதைப் பார்க்கத்தான் அவர் நிற்கிறார். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முதல் நாள் நுரை வந்தால் அவர் பயப்பட மாட்டார், "சொன்னாங்களே" என்று அடுப்பைக் குறைப்பார். இரண்டாவது ஆர்டர் வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அந்த நிமிஷத்தில்தான் இருக்கிறது.

கணவர் வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்ததை அந்த அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்துத்தான் கணவருக்கு அனுப்புவார், அப்போது கீழே நீங்கள் எழுதிய விளக்கம் பாதியில் வெட்டுப்படும், படம் மட்டும்தான் முழுதாகப் போகும். அதனால் ஏதாவது ஒரு படத்திலாவது பொருள், அளவு, விலை, உங்கள் போன் எண், உணவு உரிம எண் எல்லாம் படத்தின் மேலேயே இருக்க வேண்டும். "விலைக்கு டிஎம்" என்று எழுதினால் அவர் கணவரிடம் என்ன கேட்பது? விலை தெரியாமல் "வாங்கலாமா" என்று யாரும் கேட்க முடியாது.

போடும் நேரமும் பத்தியிலேயே இருக்கிறது. எண்ணெயைப் பற்றி அவர் யோசிப்பது சம்பளம் வரும் வாரத்தில் மட்டும் என்றால், விலையும் அளவும் உள்ள போஸ்டுகள் மாதக் கடைசி இரண்டு நாளிலிருந்து ஏழெட்டாம் தேதி வரை, இரவு ஒன்பதரை வாக்கில். மாத நடுவில் விற்க முயலாதீர்கள், அப்போது நுரை, கசடு, வாசனை பற்றிய பதில்களைப் போடுங்கள். தினமும் போட வேண்டும் என்ற கட்டாயமும் இதனால் போய்விடும், உங்களுக்குச் செக்கு வேலையும் இருக்கிறது.

பலன் தெரிகிறதா என்பதை லைக்கில் பார்க்காதீர்கள். முதலில், லைக் போடுகிறவர்கள் யார் என்று ஒருமுறை பெயர் பெயராகத் திறந்து பாருங்கள். சின்னக் கடைகளின் பக்கங்களில் பெரும்பகுதி மற்ற விற்பனையாளர்களும் சொந்தக்காரர்களுமாகத்தான் இருப்பார்கள், அவர்கள் உங்களுக்கு நல்லது நினைக்கிறார்கள், ஆனால் எண்ணெய் வாங்க வரவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, வருகிற கேள்வி மாறுகிறதா என்பதை. "விலை என்ன?" என்று கேட்பது குறைந்து, "2 லிட்டர் கேன் இருக்கா", "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா" என்று வர ஆரம்பித்தால் போஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, சந்தேகத்தைத் தாண்டி ஆர்டர் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்களும் உதவும், இந்த அம்மா கணவருக்கு அனுப்புகிறவர் ஆயிற்றே. ஆர்டர் எடுக்கும்போது "எந்த போஸ்ட் பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு, வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு வையுங்கள். இரண்டு சம்பள வாரமாவது போகட்டும், அதற்கு முன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை வாங்குகிற பொருளுக்கு ஒரு வாரத்தில் பலன் தெரியாது.

பத்தி தவறாக எழுதப்பட்டிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. அதில் உங்களுக்குச் சங்கடமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். நிஜ வாடிக்கையாளர் விலையைப் பார்த்து முகம் சுளிப்பார், பாக்கெட் எண்ணெயை முழுதாக விடமாட்டார், பொரிக்க அதையும் தாளிக்க உங்களுடையதையும் வைத்துக்கொள்வார். இதெல்லாம் இல்லாமல், எண்ணெயின் அருமை தெரிந்த, விலை கேட்காத, சிறுதானியம் சாப்பிடுகிற ஒரு பெண் பத்தியில் வந்திருந்தால், அவர் நீங்கள் ஆசைப்படுகிற ஆள், அல்லது நீங்களேதான். இன்னொரு அடையாளம், பத்தியில் இருக்கும் சொல் ஒன்றுகூட வாட்ஸ்அப் உரையாடலில் தேடினால் கிடைக்காது. மூன்றாவது, அதிகம் பேசுகிற ஒரே வாடிக்கையாளரை வைத்து எழுதியிருப்பது. தினமும் குரல் செய்தி அனுப்புகிற ஒருவர் மனதில் பெரிதாக நிற்பார், சத்தமில்லாமல் மாதாமாதம் மூன்று லிட்டர் வாங்குகிறவர் நினைவுக்கே வரமாட்டார்.

நீங்கள் தேங்காய் எண்ணெயும் விற்கிறீர்கள், அதை பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களை இதே பத்திக்குள் நுழைக்காதீர்கள். அவர்களுக்குச் செக்கு மேல் சந்தேகம் இல்லை, ஊர் எண்ணெயின் வாசனை தெரியும். அவர்கள் கேட்பது "கூரியர்ல ஒழுகுமா", "டிசம்பர்ல உறைஞ்சு போய் வந்துச்சே, கெட்டுப்போச்சா" என்பது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும் என்பதற்கு ஒரு போஸ்ட், மூடியை எப்படி ஒட்டுகிறீர்கள் என்பதற்கு ஒரு வீடியோ, படத்தில் அட்டைப்பெட்டி. இது இரண்டாவது பத்தி. தனியாக எழுதி, ஒவ்வொரு போஸ்டும் எந்தப் பத்திக்கு என்று தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போஸ்ட் எழுதினால் பழைய மூன்று சொற்கள் திரும்பி வந்துவிடும். தனி ஆளாக நடத்துகிறவருக்கு இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதால், முதல் பாட்டிலோடு போகும் சீட்டிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

பத்தியை எப்போது மாற்றுவது என்று கேட்பீர்கள். கடலை விலை ஏறி நீங்கள் விலை கூட்டும்போது சந்தேகங்களின் வரிசை மாறும், அப்போது மறுபடி நாலு பேரிடம் பேசுங்கள். அப்புறம் தீபாவளி. அதே அம்மாதான், ஆனால் அந்த மூன்று வாரம் அவர் மளிகை லிஸ்ட் போடுகிறவர் இல்லை, முறுக்கும் அதிரசமும் சுடப்போகிறவர். முழுப் பத்தியையும் திருப்பி எழுதாதீர்கள், எண்ணெயைப் பற்றி எப்போது யோசிப்பார் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். அது மாறியதும் அளவு 5 லிட்டர் கேனாகிறது, படம் பூரியிலிருந்து முறுக்குக்குப் போகிறது, முதல் வரி "ஒரு கிலோ மாவு முறுக்குக்கு எவ்வளவு எண்ணெய் இழுக்கும்?" என்றாகிறது (இதை நீங்களே வீட்டில் சுட்டு, முன்னும் பின்னும் எண்ணெயை எடை போட்டு எண்ணோடு எழுதுங்கள்), விலைக்குப் பக்கத்தில் எந்தத் தேதிக்குள் ஆர்டர் சொன்னால் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேரும் என்ற வரி வருகிறது.